இருபது விளம்பரங்களில் முதலிடம் பிடித்தது: திறமையா, அதிர்ஷ்டமா?

திருப்பூர், ஈரோடு, கரூர் பக்கம் ஆன்லைனில் துணி விற்கிறவர்களிடையே ஒரு யோசனை இப்போது பரவலாக ஓடிக்கொண்டிருக்கிறது. "ஒரே விளம்பரத்தைப் போட்டுட்டு உக்காந்திருக்காதீங்க. இருபது விதமாப் போடுங்க. எது நல்லாப் போகுதோ அதை மட்டும் வெச்சுக்கிட்டு மத்ததை எல்லாம் நிறுத்திப்போடுங்க." பயிற்சி வகுப்பில் சொல்கிறார்கள், டீக்கடையில் பேசிக்கொள்கிறார்கள், விளம்பரம் போட்டுக்கொடுக்கும் தம்பிகளும் இதையே செய்கிறார்கள்.

பல விதமாகப் போட்டுப் பார்ப்பதில் தவறில்லை. சிக்கல் அடுத்த படியில் வருகிறது. முதலிடம் பிடித்த விளம்பரத்தின் எண்ணை அப்படியே நம்பி, "நீல நிறம்தான் எடுக்குது", "குழந்தை படம் போட்டால்தான் கிளிக் வருது" என்று பாடம் படித்து, அந்தப் பாடத்தின்மேல் சரக்கு போடுகிறார்கள். பல நேரங்களில் அந்த முதலிடத்துக்கு நிறமும் காரணமில்லை, படமும் காரணமில்லை. இருபது பேர் ஓடினால் யாராவது ஒருவர் முன்னால் வந்தே ஆக வேண்டும், அவ்வளவுதான். அது எப்படி நடக்கிறது, எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை இங்கே படிப்படியாகப் பார்ப்போம். கூட்டல், பெருக்கல், வர்க்கமூலம் தெரிந்தால் போதும்.

## ஒரு மூட்டை கடலைக்காய்

ஒரு மூட்டை கடலைக்காயை நன்றாகக் கலந்து வைத்திருக்கிறோம். அதில் ஐந்துக்கு ஒன்று உள்ளே பருப்பில்லாத பொக்கு. இருபது பேரை வரிசையில் நிறுத்தி, ஆளுக்கு 50 காய் எண்ணி எடுக்கச் சொல்கிறோம். எடுத்ததை உடைத்துப் பொக்கை எண்ண வேண்டும்.

கணக்குப்படி ஒவ்வொருவருக்கும் 10 பொக்கு வர வேண்டும். ஆனால் எல்லோருக்கும் 10 வராது. ஒருவருக்கு 8, இன்னொருவருக்கு 12, வேறொருவருக்கு 11 என்று கூடக்குறைய வரும். இருபது பேரையும் பார்த்தால், மிகக் குறைவாக வந்தவருக்குச் சுமார் 5 பொக்கும், மிக அதிகமாக வந்தவருக்குச் சுமார் 15 பொக்கும் இருக்கும். மூட்டை ஒன்றுதான், காயும் ஒன்றுதான். ஆனாலும் முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் மூன்று மடங்கு வித்தியாசம்.

5 பொக்கு வந்தவரைக் காட்டி, "இவருக்கு நல்ல கைராசி, இனி இவரை விட்டே எடுப்போம்" என்றால் என்ன ஆகும்? அடுத்த தடவை அவர் கையிலும் 10-ஐ ஒட்டித்தான் வரும். அவர் கையில் தனியாக எதுவும் இருக்கவில்லை. இருபது பேரில் குறைவாக வந்தவரைத் தேடிப்பிடித்து நிறுத்தியது நாம்தான்.

இதில் இரண்டு விஷயங்கள் சேர்ந்து வேலை செய்கின்றன. ஒன்று, சின்ன அளவில் எடுத்தால் எண்ணிக்கை அலையும். இரண்டு, அலைகிற பல எண்களிலிருந்து உச்சத்தை மட்டும் பொறுக்கி எடுத்தால், அதிர்ஷ்டம் அதிகமாகச் சேர்ந்த எண்தான் கைக்கு வரும். விளம்பரச் சோதனையிலும் நடப்பது இதே இரண்டும்தான்.

## எண்ணிக்கை எவ்வளவு அலையும்?

முதலில் மூன்று சொற்கள். ஒரே பொருளுக்குப் படம், வாசகம், நிறம் மாற்றிச் செய்த ஒவ்வொரு விளம்பர வடிவத்தையும் கிரியேட்டிவ் என்கிறார்கள். அது ஒரு தடவை யாராவது ஒருவரின் திரையில் தோன்றினால் ஒரு இம்ப்ரெஷன். இம்ப்ரெஷன்களில் எத்தனை சதவீதம் கிளிக் ஆனது என்பது கிளிக் விகிதம்.

ஒரு கிரியேட்டிவை 2,000 தடவை காட்டுகிறோம், அதன் உண்மையான கிளிக் விகிதம் 1.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். எதிர்பார்க்கும் கிளிக் 30. ஆனால் கிளிக் செய்பவர்கள் வரிசையாக 67 பேருக்கு ஒருவர் என்று வந்து நிற்பதில்லை. அன்று யார் போனைக் கையில் எடுத்தார்கள், யாருக்குக் கல்யாண வீட்டுக்குப் போர்வை வாங்க வேண்டியிருந்தது, யார் பஸ்ஸில் உட்கார்ந்து சும்மா தள்ளிக்கொண்டே போனார்கள் என்பதெல்லாம் சேர்ந்து எண்ணிக்கையை மேலும் கீழும் இழுக்கும்.

எவ்வளவு இழுக்கும் என்பதற்கு ஒரு எளிய விதி உண்டு. இப்படி அரிதாக நடக்கும் ஒன்றை எண்ணும்போது, அந்த எண்ணின் வர்க்கமூலம் அளவுக்கு அது இயல்பாகவே அலையும். 30-இன் வர்க்கமூலம் ஏறக்குறைய 5.5. அதாவது 24-க்கும் 36-க்கும் நடுவே எது வந்தாலும் சாதாரணம். அதைப்போல இரண்டு மடங்கு, அதாவது 11 கூடவோ குறையவோ வருவது அரிது. இருபதில் ஒரு தடவை வரும். இந்த வர்க்கமூல அளவு அலைச்சலைச் சிதறல் என்று வைத்துக்கொள்வோம்.

இந்த விதி தருவது குறைந்தபட்ச அலைச்சல் என்பதையும் சேர்த்து நினைவில் வைக்க வேண்டும். ஒரே ஆளுக்கு விளம்பரம் நான்கு தடவை போயிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமைக்கும் செவ்வாய்க்கிழமைக்கும் கூட்டம் வேறாக இருக்கலாம். நிஜத்தில் எண்கள் இதைவிடக் கூடுதலாகவே ஆடும்.

## சென்னிமலை பெட்ஷீட், இருபது கிரியேட்டிவ்

இனி ஒரு கணக்கை முழுசாகப் போட்டுப் பார்ப்போம். சென்னிமலையில் கைத்தறிப் பெட்ஷீட் விற்கும் ஒரு கடை என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். வாட்ஸ்ஆப்பில் ஆர்டர் எடுக்கிறார்கள். மெரூன் கட்டம் போட்ட பெட்ஷீட் படத்தோடு ஒரு விளம்பரம் பல மாதமாக ஓடுகிறது. இப்போது வேறு நிறங்கள், வேறு வாசகங்கள், வேறு கோணத்தில் எடுத்த படங்கள் என்று 19 புது கிரியேட்டிவ் செய்து, பழையதையும் சேர்த்து இருபதாக ஓட விடுகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் 2,000 இம்ப்ரெஷன். ஆயிரம் இம்ப்ரெஷனுக்கு 100 ரூபாய் என்று வைத்தால், மொத்தம் 4,000 ரூபாய் செலவு.

வந்த கிளிக்குகளைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கினால் இப்படி வருகிறது:

41, 37, 36, 35, 34, 33, 32, 32, 31, 31, 30, 29, 29, 28, 27, 26, 25, 24, 21, 19.

முதலிடம் 41 கிளிக். அது வெளிர் நீலக் கட்டம். கடைசி இடம் 19. பழைய மெரூன் விளம்பரத்துக்கு 27. விளம்பரம் பார்த்துக்கொள்ளும் பையன் சந்தோஷமாக வருகிறான்: "அண்ணா, நீலம் சூப்பராப் போகுதுங்ணா. பழசை விட ஒன்றரை மடங்கு. கடைசியா இருக்கறதோட பாத்தா ரெண்டு மடங்குக்கு மேலைங்ணா." முதலாளியும், "அப்பிடியா தம்பி, அப்ப நீலத்துக்கே பாவு போடச் சொல்லிர்றேன்" என்கிறார். பாவு என்றால் தறியில் நீளவாக்கில் ஏற்றும் நூல்.

இருபது கிரியேட்டிவும் துல்லியமாக ஒரே தரம் என்று வைத்துக்கொண்டால் என்ன வந்திருக்கும்? சராசரி 30. இருபது எண்களில் உச்சம், சராசரியிலிருந்து சுமார் 1.9 சிதறல் மேலே நிற்கும் என்று புள்ளியியல் சொல்கிறது. 5.5-ஐ 1.9-ஆல் பெருக்கினால் சுமார் 10. ஆக உச்சம் 40-ஐ ஒட்டியும், அடிமட்டம் 20-ஐ ஒட்டியும் வரும். நமக்கு வந்தது 41-ம் 19-ம். நீலத்துக்கு எந்தச் சிறப்பும் இல்லாமலேயே இந்தப் பட்டியல் அச்சு அசலாக இப்படி வந்திருக்க முடியும்.

கிரியேட்டிவ்களின் எண்ணிக்கையை ஏற்றினால் இது இன்னும் மோசமாகும். தரம் ஒன்றாகவே இருக்கும்போது, 5 கிரியேட்டிவ் போட்டால் முதலிடத்துக்குச் சுமார் 36 கிளிக் வரும். 20 போட்டால் 40. 100 போட்டால் 44. விளம்பரம் துளியும் மேம்படவில்லை. போட்டியில் நிறுத்திய ஆட்கள் கூடியதால் மட்டும் உச்ச எண் ஏறுகிறது. அதனால் ஒருவர் "என் பெஸ்ட் கிரியேட்டிவ் 2.2 சதவீதம் அடிச்சுது" என்றால், எத்தனையில் பெஸ்ட், ஒவ்வொன்றுக்கும் எத்தனை இம்ப்ரெஷன் என்ற இரண்டும் தெரியாமல் அந்த எண்ணிலிருந்து எதையும் எடுத்துக்கொள்ள முடியாது.

இதுவரை பார்த்தது: சின்ன எண்ணிக்கைகள் தம் வர்க்கமூலம் அளவுக்கு இயல்பாக அலையும். பல எண்களில் உச்சத்தைப் பொறுக்கினால், பெரும்பாலும் அலைச்சலின் உச்சத்தைத்தான் பொறுக்குகிறோம். போட்டியாளர்கள் கூடக்கூட அந்த உச்சம் தானாக ஏறும்.

## '95 சதவீதம் உறுதி' என்று கருவி சொல்கிறதே?

இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் சோதனைக் கால்குலேட்டர்கள் உண்டு. மெரூனுக்கு 2,000-இல் 27, நீலத்துக்கு 2,000-இல் 41 என்று போட்டால், நீலம் மேல் என்பது சுமார் 95 சதவீதம் உறுதி என்று பல கால்குலேட்டர்கள் பச்சை விளக்கு காட்டும். கால்குலேட்டர் பொய் சொல்லவில்லை. நாம் கேட்ட கேள்வியில்தான் குறை.

அந்த 95-க்குப் பொருள் இதுதான்: வித்தியாசமே இல்லாத இரண்டு விளம்பரங்களை ஒரே ஒரு தடவை ஒப்பிட்டால், இல்லாத வித்தியாசத்தை இருக்கிறது என்று தவறாகச் சொல்ல 5 சதவீத வாய்ப்பு. ஒரு ஒப்பீட்டுக்குத்தான் இந்த உத்தரவாதம். நாம் செய்தது ஒரு ஒப்பீடு இல்லை; கிட்டத்தட்ட இருபது ஒப்பீடு செய்து, அதில் மிகப் பெரிதாகத் தெரிந்த ஒன்றை மட்டும் கால்குலேட்டரிடம் கொண்டுபோனோம். மற்ற பதினெட்டு பேர் இருந்தது அதற்குத் தெரியாது.

இருபதும் தனித்தனிச் சோதனை என்று வைத்தால், ஒவ்வொன்றும் தவறான முடிவிலிருந்து தப்பிக்க 0.95 வாய்ப்பு. இருபதும் தப்பிக்க வேண்டுமானால் 0.95-ஐ இருபது தடவை பெருக்க வேண்டும், வருவது 0.36. அதாவது எந்தக் கிரியேட்டிவிலும் விஷயமே இல்லாதபோதும், எங்காவது ஒரு பொய்யான பச்சை விளக்கு எரிய 64 சதவீத வாய்ப்பு இருக்கிறது. இதைத்தான் பல ஒப்பீட்டுச் சிக்கல் என்கிறார்கள்.

கூகுளில் ஒரு குழு இரண்டு நீலங்களில் எது என்று முடிவு செய்ய முடியாமல், நடுவிலுள்ள 41 நீலச் சாயல்களைச் சோதித்த விஷயம், 2009-இல் அங்கிருந்து விலகிய வடிவமைப்பாளர் டக்ளஸ் போமன் எழுதியதால் வெளியே வந்தது. 41 ஒப்பீட்டுக்கு இதே கணக்கைப் போட்டால், 95 சதவீத அளவுகோலில் குறைந்தது ஒரு பொய் வெற்றி கிடைக்க 88 சதவீத வாய்ப்பு. பலர் கவனிக்காத ஒரு விஷயம் இங்கே உண்டு: பார்வையாளர் கூட்டம் எவ்வளவு பெரிதானாலும் இந்த 88 குறையாது. கூட்டம் பெரிதானால் பொய் வெற்றியின் அளவு சின்னதாகும். வாய்ப்பு அதேதான்.

இதற்கு ஒரு பழைய வைத்தியம், இத்தாலியக் கணிதவியலாளர் போன்ஃபெரோனி பெயரில் இருக்கிறது. 5 சதவீதத் தவறை ஒப்பீடுகளின் எண்ணிக்கையால் வகுத்துவிடுவது. இருபது ஒப்பீடு என்றால் 5-ஐ 20-ஆல் வகுத்து 0.25, ஆக 95-க்குப் பதில் 99.75 சதவீத உறுதி கேட்க வேண்டும். சரியான முறைதான். ஆனால் 4,000 ரூபாய் சோதனையில் அந்த உயரத்தைப் பெரும்பாலும் எந்தக் கிரியேட்டிவும் எட்டாது. நம் அளவிலான வியாபாரத்துக்கு வேறு வழி வேண்டும்.

## ஜெயித்தது அடுத்த வாரம் ஏன் விழுகிறது?

மற்றதையெல்லாம் நிறுத்திவிட்டு நீலத்தை மட்டும் ஓட்டுகிறார்கள். அடுத்த 2,000 இம்ப்ரெஷனில் 29 கிளிக். அதற்கடுத்து 32. அந்த 41 திரும்ப வரவே இல்லை.

இந்த இடத்தில் கிளம்பும் காரணங்களை எல்லோரும் கேட்டிருப்பார்கள். "ஆடித் தள்ளுபடி ஆரம்பிச்சிருச்சு, ஜனம் எல்லாம் அங்க போயிருச்சு." "மெட்டாக்காரன் அல்காரிதத்தை மாத்திட்டான்." "பாத்துப்பாத்துச் சலிச்சுப்போச்சு, புதுசு போடோணும்." உடனே இன்னொரு இருபது கிரியேட்டிவ் தயாராகிறது. அதிலும் ஒன்று 40 எடுக்கும். அடுத்த வாரம் அதுவும் 30-க்கு வரும். இந்தச் சுற்று மாதக்கணக்கில் நடக்கும். ஒவ்வொரு சுற்றிலும் படம் எடுக்கவும் டிசைன் செய்யவும் செலவு வேறு.

நீலத்துக்கு எதுவும் ஆகவில்லை. அதன் உண்மையான தரம் முதலிலிருந்தே 30-தான். முதல் வாரத்தில் அதோடு 11 கிளிக் அதிர்ஷ்டம் சேர்ந்திருந்தது. அதிர்ஷ்டம் அடுத்த வாரத்துக்குக் கூட வராது. உச்சமாக வந்த அளவு மறுமுறை சராசரி நோக்கி இறங்குவதைச் சராசரிக்குத் திரும்புதல் என்கிறார்கள். பெற்றோர், பிள்ளைகள் உயரத்தை அளந்து பார்த்து 1886-இல் பிரான்சிஸ் கால்டன் எழுதியது இதைப் பற்றித்தான்.

நிஜமான சலிப்பையும் இதையும் பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரங்களை நிர்வகிக்கும் ஆட்ஸ் மேனேஜரில் `Frequency` என்று ஒரு பத்தி உண்டு. ஒரு ஆள் சராசரியாக எத்தனை தடவை அந்த விளம்பரத்தைப் பார்த்தார் என்பதுதான் அது. சலிப்பு என்றால், அந்த எண் ஏறஏறக் கிளிக் விகிதம் மெல்ல மெல்லச் சரியும். அதிர்ஷ்டம் கழன்றது என்றால், புது ஆட்களிடம் காட்டிய முதல் வாரத்திலேயே, `Frequency` ஒன்றை ஒட்டி இருக்கும்போதே, விகிதம் ஒரே அடியாகச் சராசரிக்கு வந்து உட்கார்ந்துவிடும். ஆடி மாதம்தான் காரணம் என்றால் பழைய மெரூன் விளம்பரமும் சேர்ந்து விழுந்திருக்க வேண்டும். அதையும் கூடவே ஓட்டியிருந்தால்தான் இது தெரியும். பழையதை நிறுத்தாதீர்கள் என்று சொல்வதற்கு இதுவே போதுமான காரணம்.

## பட்டியலைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம்

மறுபடி செலவு செய்வதற்கு முன், கையில் இருக்கும் இருபது எண்களே நிறையச் சொல்லும். யார் முதலிடம் என்று பார்ப்பதற்கு முன்னால், மொத்தக் கூட்டமும் எவ்வளவு சிதறியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். அதிர்ஷ்டம் மட்டும் இருந்தால் எவ்வளவு சிதறும் என்பது நமக்குத் தெரியும். அதைவிடக் கூடுதலாகச் சிதறியிருந்தால்தான் கிரியேட்டிவ்களுக்குள் நிஜ வித்தியாசம் இருக்கிறது.

இதற்கு எக்ஸெலிலோ கூகுள் ஷீட்டிலோ கிளிக் எண்களை B2 முதல் B21 வரை போட்டு, ஒரே வரி எழுதினால் போதும்:

```
=VAR(B2:B21)/AVERAGE(B2:B21)
```

மேலே உள்ளது சிதறலின் வர்க்கம், கீழே உள்ளது சராசரி. அதிர்ஷ்டம் மட்டுமே வேலை செய்திருந்தால் இரண்டும் ஏறக்குறைய சமமாக இருக்கும், விகிதம் 1-ஐ ஒட்டி வரும். நம் பெட்ஷீட் பட்டியலில் மேலே 29.5, கீழே 30. விகிதம் 0.98. இருபது கிரியேட்டிவும் ஒரே தரம் என்று சொல்லிவிடலாம் போல அவ்வளவு கச்சிதம். நீலத்தின் 41-ல் படிக்க எந்தப் பாடமும் இல்லை.

இந்த விகிதமும் கொஞ்சம் அலையும். இருபது கிரியேட்டிவ் என்றால், வெறும் அதிர்ஷ்டத்திலேயே 0.5 முதல் 1.7 வரை வரலாம். 1.7-ஐத் தாண்டினால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று நிமிர்ந்து உட்காரலாம். ஒவ்வொரு கிரியேட்டிவுக்கும் இம்ப்ரெஷன் ஏறக்குறைய சமமாக இருந்தால் மட்டுமே இந்த வரி செல்லும் என்பதையும் மறக்கக் கூடாது.

விகிதம் 2 வந்தது என்று வைத்துக்கொள்வோம். அப்போது சிதறலின் வர்க்கத்தில் பாதி அதிர்ஷ்டம், பாதி நிஜம். அந்தச் சோதனையில் சராசரி 30, முதலிடம் 48 என்றால், அது சராசரியைவிட 18 மேலே நிற்கிறது. அந்த 18-இல் பாதியை மட்டும் நம்பலாம்: 9. ஆக அந்தக் கிரியேட்டிவிடம் இனி எதிர்பார்க்க வேண்டியது 39 கிளிக். இப்படிச் சராசரி நோக்கி இழுத்துப் பார்ப்பதைச் சுருக்குதல் என்கிறார்கள். 39 வந்தாலும் அது நல்ல லாபம்தான். ஆனால் 48 வரும் என்று நம்பி பட்ஜெட் போட்டவருக்கும், 39 வரும் என்று போட்டவருக்கும் மாதக் கடைசியில் கைக்கணக்கு வேறாக இருக்கும்.

கிளிக்கில் இப்படி என்றால் ஆர்டரில் சொல்லவே வேண்டாம். 40 கிளிக்குக்கு ஒரு ஆர்டர் வரும் கடையில், 2,000 இம்ப்ரெஷனுக்கு ஒரு ஆர்டர்கூட முழுசாக வராது. "அந்தக் கிரியேட்டிவுக்கு மூணு ஆர்டர், இதுக்கு ஒண்ணுதான்" என்று ஒப்பிடுவதில் எந்தத் தகவலும் கிடையாது.

இந்தப் பகுதியில் பார்த்தது: முதலிடத்தின் எண்ணில் எவ்வளவு அதிர்ஷ்டம் என்பதை மொத்தப் பட்டியலின் சிதறல் சொல்லும். சிதறலின் வர்க்கம் சராசரியை ஒட்டியிருந்தால் எல்லாம் அதிர்ஷ்டம். அதைவிடக் கூடினால், கூடிய பங்கை மட்டும் நம்பலாம்.

## தளமே ஒன்றைத் தூக்கிப் பிடிக்கும்போது

மேலே சொன்ன கணக்கெல்லாம் இருபதுக்கும் சமமாக இம்ப்ரெஷன் போனால்தான். ஆனால் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமில் பல கிரியேட்டிவ்களை ஆட் செட் எனப்படும் ஒரே தொகுப்புக்குள் போட்டால் அப்படிப் போகாது. முதல் சில மணி நேரத்திலேயே நன்றாகப் போவதாகத் தெரிகிற ஒன்றிரண்டின் பக்கம் தளம் பணத்தைத் தள்ளிவிடும். தொடக்கத்தில் நாலைந்து கிளிக் அதிர்ஷ்டமாக வந்த கிரியேட்டிவ் 15,000 இம்ப்ரெஷன் வாங்கும். தொடக்கத்தில் மந்தமாக இருந்தது 300 இம்ப்ரெஷனோடு நின்றுவிடும். அந்த 300-ஐ வைத்து அது மோசம் என்று சொல்ல முடியாது. அதற்குச் சந்தர்ப்பமே கிடைக்கவில்லை. போதாததற்கு, ஒவ்வொரு கிரியேட்டிவும் வேறு வேறு ஆட்களுக்குப் போயிருக்கும். வயது, ஊர், நேரம் எல்லாம் வேறு.

தளத்தைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. மலிவாகக் கிளிக் வாங்கித் தருவதுதான் அதன் வேலை. இருக்கிற கிரியேட்டிவ் எல்லாம் ஒரே தரம் என்றால், எதைத் தூக்கிப் பிடித்தாலும் நமக்கு நட்டமில்லை. விளம்பரத்தை மட்டும் ஓட்டிக்கொண்டிருப்பவர் அதன்போக்கில் விட்டுவிடலாம். அந்தத் தேர்வை எடுத்துக்கொண்டு போய்ச் சாயப்பட்டறைக்கு ஆர்டர் கொடுக்கும்போதுதான் பணம் போகும். ஒரு பாவு ஏற்றிவிட்டால், அது தீரும்வரை தறியில் அந்த நிறம்தான். அப்படிப்பட்ட முடிவுக்கு மட்டும் தனியாக ஒரு முறையான சோதனை செய்ய வேண்டும். ஆட்ஸ் மேனேஜரிலேயே `A/B test` என்று இருக்கிறது. அது ஆட்களை முதலிலேயே பிரித்து, ஒரு குழுவுக்கு ஒன்று, இன்னொரு குழுவுக்கு மற்றொன்று என்று காட்டும். ஒருவரே இரண்டையும் பார்க்க மாட்டார்.

சந்தேகம் தீர வேண்டுமானால், ஒரே விளம்பரத்தை எந்த மாற்றமும் இல்லாமல் நான்கு நகல் எடுத்து இப்படிப் பிரித்து ஓட்டிப் பாருங்கள். நான்குக்கும் வேறு வேறு எண் வரும். அந்த நான்குக்குள் எவ்வளவு இடைவெளி வருகிறதோ, அதுதான் உங்கள் கடைக்கு, உங்கள் பட்ஜெட்டுக்கு, அதிர்ஷ்டத்தின் அளவு. அதைவிடச் சின்ன வித்தியாசம் எதையும் பேச்சுக்கே எடுக்க வேண்டியதில்லை.

## மறு ஓட்டம்

இனி நீலம் மெரூனைவிட நிஜமாகவே நல்லதா என்று தீர்மானிக்க வேண்டும். முதல் சுற்றின் 41-ஐயும் 27-ஐயும் தூர வைத்துவிட வேண்டும். புது எண்ணோடு கூட்டவும் கூடாது. அந்த 41-ஐப் பார்த்துத்தான் நீலத்தைத் தேர்ந்தெடுத்தோம் என்பதால், அதைச் சேர்த்தால் அதிர்ஷ்டமும் கூடவே உள்ளே வரும்.

எத்தனை இம்ப்ரெஷன் வேண்டும்? 1.5 சதவீதத்துக்கும் 2 சதவீதத்துக்கும் உள்ள வித்தியாசத்தை ஓரளவு நம்பிக்கையாகப் பிரித்துச் சொல்ல, ஒவ்வொன்றுக்கும் சுமார் 11,000 இம்ப்ரெஷன் தேவை. வித்தியாசம் அதில் பாதி அளவுதான் என்றால் தேவை ஏறக்குறைய நான்கு மடங்காகும். சின்ன மாற்றங்களைச் சோதிப்பது சின்னக் கடைக்குக் கட்டுப்படியாகாது என்பது இதனால்தான். பின்னணி நிறத்தை மாற்றுவதைவிட, "ரெண்டு பெட்ஷீட் எடுத்தா தலையணை உறை ரெண்டு சேர்த்து" என்பதுபோல ஆளை நிறுத்திப் பார்க்க வைக்கும் மாற்றங்களாக மூன்றோ நான்கோ போட்டு, ஒவ்வொன்றுக்கும் போதுமான இம்ப்ரெஷன் கொடுப்பது என் கணக்கில் மேல். முதல் சோதனையில் செலவான அதே 40,000 இம்ப்ரெஷனை மூன்று கிரியேட்டிவுக்குப் பிரித்திருந்தால் ஆளுக்கு 13,000-க்கு மேல் கிடைத்திருக்கும்.

சரி, நீலத்துக்கும் மெரூனுக்கும் தலா 11,000, அதே நாட்களில், புது ஆட்களிடம், பிரித்து ஓட்டியாயிற்று. செலவு 2,200 ரூபாய். ஓடி முடியும் வரை நடுவில் எட்டிப் பார்த்து நிறுத்தாமல் இருப்பது முக்கியம். தினமும் பார்த்து, ஒன்று முன்னால் இருக்கும் நாளாகப் பார்த்து நிறுத்தினால், அதுவும் உச்சத்தைப் பொறுக்குகிற வேலைதான்.

வந்தது: நீலம் 171, மெரூன் 164. வித்தியாசம் 7. இரண்டையும் கூட்டினால் 335, அதன் வர்க்கமூலம் 18. இரண்டு எண்களின் வித்தியாசம் இயல்பாக அலைவது அந்த அளவுக்கு. அதில் இரண்டு மடங்கு, அதாவது 36-ஐத் தொட்டிருந்தால் நீலத்தைப் பற்றி மேற்கொண்டு பேசலாம். 7 என்பது ஒன்றுமே இல்லை. 1.5-ஐ 2 ஆக்கும் அளவுக்கு நீலத்திடம் எதுவும் இருந்திருந்தால், இந்த ஓட்டத்தில் பெரும்பாலும் தெரிந்திருக்கும். விளம்பரம் நிறத்தைத் தீர்மானிக்கவில்லை என்பதால், பாவுக்கு எந்த நிறம் என்பதைக் கையிருப்பில் எந்தச் சாய நூல் மிச்சம் இருக்கிறது, போன தீபாவளிக்கு எது தேங்கியது என்று ஸ்டாக் நோட்டைப் பார்த்து முடிவு செய்துகொள்ளலாம்.